ஒரு குளியலறை, இருபத்தொரு நாள்: மலையக வீடொன்றில் திருத்த வேலைக்கு உண்மையில் எவ்வளவு ஆகும்?

ஹட்டனிலோ நுவரெலியாவிலோ ஒரு மேசனைக் கூட்டிவந்து குளியலறையைக் காட்டி, "இதைத் திருத்த எவ்வளவு ஆகும்?" என்று கேட்டுப் பாருங்கள். அவர் வாசலில் நின்றபடியே ஒரு தொகையைச் சொல்வார். கூடவே, "ஒரு கிழமையில முடிச்சிரலாம்" என்பார். தொகை பெரும்பாலும் குறைவாக இருக்கும். அந்த ஒரு கிழமை அநேகமாக நடக்காது. மேசன் பொய் சொல்கிறார் என்பதல்ல. அவர் சொல்வது தன் கூலியையும் கண்ணுக்குத் தெரியும் சாமான்களையும் மட்டும்தான். மலைமேல் உள்ள வீட்டுக்கு மணல் மூடையைச் சுமப்பதற்கான கூலி, பூச்சு காயும் வரை காத்திருக்கும் நாட்கள், அந்த நாட்களில் வீட்டார் எங்கே போவார்கள் என்பதெல்லாம் அவருடைய கணக்கில் வராது. அவை வீட்டுக்காரரின் கணக்கு.

தோட்டப்புறத்தில் இந்தக் கணக்கு பிழைத்தால் அதன் சுமை அதிகம். நகரத்து வீட்டில் இரண்டாவது கழிவறை இருக்கலாம். லயத்தின் பின்பக்கம் ஒட்டுக்கூரை போட்டுக் கட்டிய குளியலறைக்கோ, இந்திய வீடமைப்புத் திட்டத்தில் கிடைத்த 550 சதுர அடி வீட்டுக்கோ இருப்பது ஒன்றுதான். பாதியில் காசு முடிந்து வேலை நின்றால் அந்த வீட்டில் கழிவறையே இல்லை.

இந்தக் கட்டுரை அப்படியான ஓர் அறையை எடுத்துக்கொண்டு கணக்குப் போடுகிறது. உள்ளளவு 5 அடிக்கு 7 அடி. சுவர் உயரம் 8 அடி. இரண்டரை அடி அகலக் கதவு ஒன்று. பழைய சீமெந்துத் தரையில் வெடிப்பு, சுவரின் அடியில் ஈரம், கதவின் அடிப்பலகை உக்கியிருக்கிறது. கீழே வரும் அளவுகள் இந்த அறைக்குச் சரியானவை. விலைகள் கணக்கைக் காட்டுவதற்காக எடுத்துக்கொண்டவை. 2022 நெருக்கடியின்போது ஒரு மூடை சீமெந்து 3,000 ரூபாவைத் தாண்டியதையும், 2024 ஜனவரியில் வற் வரி 18 வீதமானதையும் பார்த்தவர்களுக்கு, விலை எழுதிய காகிதம் எவ்வளவு காலம் செல்லும் என்பது தெரியும். எனவே அளவுகளை வைத்துக்கொண்டு, உங்கள் ஊர் ஹார்ட்வெயார் கடை விலையை அந்த இடங்களில் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில்: ஈரம் எங்கிருந்து வருகிறது?

காசு செலவழிக்கும் முன் செய்யவேண்டிய வேலை இது. இதற்குச் செலவே இல்லை, ஆனாலும் பலர் செய்வதில்லை.

நமது வீடுகளில் பெரும்பாலானவை சரிவை வெட்டிச் சமப்படுத்திய இடத்தில் நிற்கின்றன. பின்சுவருக்கு வெளியே மலைமண் சுவரின் பாதி உயரத்துக்குக்கூட இருக்கும். அந்தப் பக்கத்துக் கான் அடைபட்டிருந்தால், மேலே தேயிலை மலையில் பெய்கிற மழை முழுதும் அந்தச் சுவர் வழியாகத்தான் உள்ளே வரும். உள்ளே எத்தனை இலட்சத்துக்கு டைல் பதித்தாலும் அது நிற்காது. இரண்டு மழைக்காலம் போனதும் டைல் சுவரை விட்டுத் தள்ளிக்கொண்டு வரும். இப்படிப்பட்ட வீட்டுக்குத் தேவை மண்வெட்டியும் ஒருநாள் உழைப்பும்தான். கானைத் துப்புரவாக்கி, மண்ணைச் சுவரிலிருந்து விலக்கி, ஒரு மழை பெய்யும்வரை பாருங்கள்.

கான் சரியாக இருந்தும் ஈரம் இருந்தால் அடுத்த சோதனை. ஓர் அடிச் சதுர பொலித்தீன் துண்டை ஈரமான இடத்தில் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒரு நாள் விடுங்கள். பொலித்தீனின் வெளிப்பக்கம் வியர்த்திருந்தால் அது அறைக்குள் இருக்கும் ஈரக்காற்று. அதற்குத் தேவை காற்றுப் போக ஒரு திறப்பு. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. குளிர்ந்த சுவரில் சுடுநீர் ஆவி பட்டால் வியர்க்கத்தான் செய்யும். உட்பக்கம், அதாவது சுவரைத் தொடும் பக்கம் நனைந்திருந்தால் நீர் சுவருக்குள்ளிருந்து வருகிறது.

அப்படியானால் குழாயா, தரையா? இரவில் எல்லாப் பைப்பையும் மூடிவிட்டு, தாங்கிக்கு வரும் நீரையும் நிறுத்தி, தாங்கியின் நீர்மட்டத்தில் ஒரு கோடு போடுங்கள். காலையில் மட்டம் இறங்கியிருந்தால் குழாய். இறங்கவில்லை என்றால், தரை வடிகாலைத் துணி சுற்றிய பந்தால் அடைத்துத் தரையில் ஓர் அங்குலம் நீர் விட்டு அடுத்தநாள் பாருங்கள். மட்டம் இறங்கி வெளிச்சுவரில் ஈரம் தெரிந்தால் தரை. குழாய் ஒன்றுதான் பிழை என்றால் அந்த இடத்தை மட்டும் உடைத்துச் சரிசெய்யலாம். முழுக் குளியலறையையும் உடைக்கச் சொல்லும் மேசனிடம் "ஏன்?" என்று கேட்பதற்கு இந்தச் சோதனை உதவும்.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். மலக்குழி நிறைந்திருந்தால் புதிய கொமட் வைத்த முதல் மழையிலேயே கழிவு மேலே எழும்பும். குழி கிணற்றிலிருந்தோ பீலியிலிருந்தோ குறைந்தது 50 அடி தள்ளி, அதற்குக் கீழ்ப்பக்கச் சரிவில் இருக்கவேண்டும். புதிய குழி வெட்ட வேண்டிவந்தால் அது தனியான செலவு, இந்தக் கணக்கில் சேராது. பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் இடத்தைக் காட்டிவிட்டு வெட்டுவது நல்லது.

லயத்தில் இருப்பவர்களுக்கு மேலதிகமாக ஒரு படி உண்டு. 1992இல் தோட்டங்களின் முகாமைத்துவம் தனியார் கம்பனிகளுக்குப் போனபிறகும் லயக் காம்பராவும் அதைச் சுற்றிய நிலமும் குடியிருப்பவரின் பெயரில் இல்லை. உள்ளே டைல் மாற்றுவதில் பெரும்பாலும் பிரச்சினை வராது. சுவரை வெளியே தள்ளினாலோ புதிய குழி வெட்டினாலோ தோட்ட நிர்வாகம் வேலையை நிறுத்தலாம். மேசனுக்கு முற்பணம் கொடுத்த பிறகு நிறுத்தினால் அந்தப் பணம் திரும்பாது. அதனால் அனுமதியை எழுத்தில் வாங்கிக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

டைல்: எத்தனை சதுர அடி?

டைல் கடையில் "குளியலறை எத்தனை அடிக்கு எத்தனை?" என்று கேட்டுவிட்டு ஒரு தொகை சொல்வார்கள். அதை நீங்களே கணக்கிடலாம். தரை 35 சதுர அடி. சுவரின் சுற்றளவு 24 அடி. ஏழடி உயரம்வரை எல்லாச் சுவருக்கும் பதித்தால் கதவைக் கழித்து 152 சதுர அடி வரும்.

ஆனால் நீர் நேரடியாகப் படுவது குளிக்கும் மூலையில்தான். அங்கே பின்சுவர் 5 அடி, இரு பக்கச் சுவரிலும் மும்மூன்றடி, ஆக 11 அடி நீளத்துக்கு மட்டும் ஏழடி உயரம் வைப்போம். மிச்சச் சுவருக்கு நான்கடி போதும், அதற்கு மேலே பெயின்ட். இப்படிச் செய்தால் சுவர் 119 சதுர அடியாகக் குறைகிறது. 33 சதுர அடி மிச்சம், பார்வைக்கும் குறைவில்லை.

ஓர் அடிக்கு இரண்டடி என்று விற்கும் சுவர் டைல் உண்மையில் 300 க்கு 600 மில்லிமீற்றர். அது 1.94 சதுர அடிதான். 119 ஐ இதால் வகுத்து, வெட்டுச் சேதத்துக்குப் பத்து வீதம் கூட்டினால் 68 டைல். பெட்டியில் எட்டு இருந்தால் ஒன்பது பெட்டி. மிஞ்சும் நான்கையும் திருப்பிக் கொடுக்காதீர்கள். பின்னாளில் ஒரு டைல் வெடித்தால் அதே நிறம் கிடைக்காது. பெட்டியில் அச்சிட்டிருக்கும் பேட்ச் இலக்கம் மாறினாலே நிறம் சற்று மாறும். வாங்கும்போதும் ஒன்பது பெட்டியிலும் ஒரே இலக்கமா என்று பாருங்கள். தரைக்கு வழுக்காத, சொரசொரப்பான ஓரடி டைல் 40 வேண்டும். பளபளப்பான டைலைத் தரைக்கு வாங்கவேண்டாம். வயதானவர்கள் உள்ள வீட்டில் அது ஆபத்து.

சதுர அடி சுவருக்கு 220, தரைக்கு 250 ரூபா என்று வைத்தால் டைல் பில் 40,550 ரூபா. இதைத்தான் எல்லோரும் "டைல் செலவு" என்று நினைக்கிறார்கள். ஒட்டும் பசை நான்கு மூடை, இடைவெளி நிரப்பும் குரவுட் மூன்று கிலோ, ஓரப்பட்டி எல்லாம் 9,900. பதிக்கவும் குரவுட் போடவும் மேசனுக்கும் கையாளுக்கும் ஐந்து நாட்கூலி 37,500. ஆக டைலின் உண்மை விலை 87,950 ரூபா, கடை பில்லைப்போல இரண்டு மடங்குக்கு மேல். கடையில் சதுர அடிக்கு இருபது ரூபா குறைத்து வாங்குவதற்காக ஒரு முழுநாளைச் செலவழிப்பவர்கள் இதை யோசித்துப் பார்க்கலாம். சேமிப்பு கிடைப்பது பதிக்கும் பரப்பைக் குறைப்பதில்தான்.

நீர்க்காப்பு: கண்ணுக்குத் தெரியாத படை

டைல் நீரைத் தடுக்கும் என்பது பரவலான தவறான எண்ணம். டைல் தடுக்கும், குரவுட் தடுக்காது. டைல்களுக்கு இடையே நீர் மெல்ல இறங்கிக்கொண்டேதான் இருக்கும். அந்த நீர் தரைக்கும் சுவருக்கும் போகாமல் வடிகாலுக்குப் போகவேண்டுமானால் டைலுக்குக் கீழே ஒரு நீர்க்காப்புப் படை வேண்டும். கடையில் "வோட்டர் புரூஃப்" என்று கேட்டால் சீமெந்துத் தூளும் பால்போன்ற திரவமும் சேர்ந்த இரண்டு பகுதிப் பொதியைத் தருவார்கள். நம் வேலைக்கு அது பொருத்தம்.

படை எங்கெல்லாம் போகவேண்டும்? தரை முழுதும் 35 சதுர அடி. சுவரைச் சுற்றி ஓர் அடி உயரத்துக்கு 24. குளிக்கும் மூலையில் அதற்கு மேலும் ஐந்தடி ஏறவேண்டும், அது 55. மொத்தம் 114 சதுர அடி, அண்ணளவாகப் பத்தரைச் சதுர மீற்றர். இரண்டு பூச்சுக்குச் சதுர மீற்றருக்கு இரண்டரைக் கிலோ என்று வைத்தால் 26 கிலோ. சேதத்தோடு 30 கிலோ வாங்கலாம். தரையும் சுவரும் சேரும் மூலையிலும், வடிகால் குழாயைச் சுற்றியும் வலைநாடா ஒட்டிப் பூசவேண்டும். கசிவு தொடங்குவது பெரும்பாலும் இந்த இரண்டு இடத்தில்தான். கதவுப் படியடியை மறந்துவிடக்கூடாது. படை அங்கே மேலே ஏறித் திரும்பாவிட்டால் நீர் டைலின் அடியால் அடுத்த அறைக்குப் போகும்.

எல்லாம் சேர்த்து 16,000 ரூபா. மொத்தச் செலவில் ஆறு வீதத்துக்கும் குறைவு. காசு குறையும்போது முதலில் வெட்டப்படுவதும் இதுதான், ஏனென்றால் முடிந்த வேலையைப் பார்க்க வருபவர்கள் யாரும் இதைப் பார்க்கப்போவதில்லை. இதை விட்டுவிட்டு ஒழுகினால், 87,950 ரூபாவுக்குப் பதித்த டைலை உடைத்துத்தான் இதைப் போடவேண்டிவரும்.

படைக்குக் கீழே தரையின் சரிவு சரியாக இருக்கவேண்டும். ஓர் அடிக்குக் கால் அங்குலம். வடிகாலிலிருந்து ஏழடி தூரத்து மூலை ஒன்றே முக்கால் அங்குலம் உயர்ந்திருக்கும். டைலின் தடிப்பையும் சேர்த்து இந்த உயரத்தைக் கதவடியில் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளாவிட்டால், கடைசி நாளில் கதவு திறக்காது. மேசன் மட்டப்பலகை வைத்துப் பார்த்தாரா என்று கேட்பதைவிட, தரை இறுகியதும் ஒரு வாளி நீரை ஊற்றி, தேங்கும் இடத்தில் சோக்கால் வட்டம் போடுங்கள்.

படை காய்ந்தபிறகு வரும் சோதனையை விட்டுக்கொடுக்கவே கூடாது. வடிகாலை அடைத்து, தரையில் ஓர் அங்குலம் நீர் நிரப்பி, சுவரில் பென்சிலால் மட்டத்தைக் குறித்து 24 மணித்தியாலம் விடவேண்டும். நமது அறைக்கு 80 லீற்றர்வரை போதும், ஐந்தாறு வாளி. தோட்டத்தில் காலையில் ஒரு மணித்தியாலம் மட்டும் நீர் வருகிறதென்றால் முதல்நாளே பிடித்து வையுங்கள். நீர் இல்லை என்ற காரணத்தால்தான் பல வீடுகளில் இந்தச் சோதனை கைவிடப்படுகிறது.

குழாயும் பொருத்துக்களும்

மலையில் நீர் மேலிருந்து வருகிறது. இதில் ஒரு நன்மையும் ஒரு தொல்லையும் உண்டு. ஊற்று வீட்டைவிட 60 மீற்றர் உயரத்தில் இருந்தால், யாரும் நீர் எடுக்காத நடுஇரவில் குழாயில் 6 பார் அமுக்கம் நிற்கும். டைப் 600 குழாயின் எல்லையே அதுதான். அதனால் சுவருக்குள் மறையும் குழாய்க்கு டைப் 1000 வாங்குங்கள். அல்லது ஊற்று நீரைத் தாங்கியில் இறக்கி, அங்கிருந்து குளியலறைக்கு எடுங்கள். தாங்கி ஷவரைவிட ஆறடி மட்டுமே உயரம் என்றால் அமுக்கம் மிகக் குறைவு. கடையில் அழகாகத் தொங்கும் பெரிய ஷவர் தலையிலிருந்து நீர் சொட்டும், பொழியாது. சிறிய சாதாரண ஷவர்தான் அங்கே வேலை செய்யும்.

குழாய் ஒட்டிய அன்றே சுவரை மூடவிடாதீர்கள். நமது பனியில் பி.வி.சி. பசை மெதுவாகத்தான் பிடிக்கும், ஒட்டுமுன் இரு முனையையும் நன்றாகத் துடைத்து உலரவிடவேண்டும். மூட்டுக்களைத் திறந்தபடி வைத்து, எல்லா முனையையும் அடைத்து, இரவு முழுதும் நீர் அமுக்கத்தில் விடுங்கள். ஒவ்வொரு மூட்டின் கீழும் ஒரு பழைய பேப்பர்த் துண்டு. காலையில் பேப்பர் நனையாதிருந்தால் பூசலாம். குளியலறைக்கென்று தனியாக ஒரு மூடும் வால்வும் வைத்துவிடுங்கள். பிறகு ஒரு பைப் உடைந்தால் சமையலறை நீரை நிறுத்தவேண்டியதில்லை.

கொமட் வாங்குமுன் ஓர் அளவு எடுக்கவேண்டும். கழிவு வெளியே போகும் 110 மில்லிமீற்றர் குழாய் தரையில் இறங்குகிறதா, பின்சுவரால் வெளியேறுகிறதா? தரையில் என்றால் எஸ் ட்ரப், சுவரில் என்றால் பி ட்ரப். சரிவில் நிற்கும் வீடுகளில் குழி பின்னால் கீழே இருப்பதால் பி ட்ரப் பல இடங்களில் சுலபமாக அமையும். எஸ் ட்ரப் என்றால் சுவரிலிருந்து குழாயின் நடுவுக்கு எத்தனை அங்குலம் என்று அளந்து கடைக்குக் கொண்டுபோங்கள். மூன்றங்குலம் பிழைத்தால் தரையை மறுபடி உடைக்கவேண்டும், அல்லது கொமட்டைத் திருப்பிக் கொடுக்க ஹட்டனுக்கு இன்னொரு லொறிச் செலவு.

சுடுநீர் மின் ஷவர் நுவரெலியாவில் எல்லோருக்கும் ஆசைதான். 3.5 கிலோவாட் ஷவர் ஒன்று 15 அம்பியர் இழுக்கும். லயத்துப் பழைய வயரிங்கில் அதைக் கொழுவுவது தீயை வீட்டுக்குள் அழைப்பதுபோல. தனி வயர், பூமி இணைப்பு, தடை உடைப்பான் எல்லாம் போட முடிந்தால் மட்டும் அதைப் பற்றி யோசிக்கலாம். நம் கணக்கில் அது இல்லை. விறகடுப்பில் சுடவைத்த நீரும் வாளியும் இருக்கின்றன.

மறையும் குழாய், வடிகால், வால்வுகளுக்கு 15,000. கொமட் தொகுதி 35,000. பைப், ஷவர், கைத்தெளிப்பான், சிறிய பேசின் 22,000. பி.வி.சி. கதவு 18,000.

சுமைக்கூலி

லொறி பெரிய ரோட்டில் நின்றுவிடும். அங்கிருந்து லயத்துக்கு எத்தனை படி என்பதை கொழும்பிலிருந்து வரும் எந்த விலைப்பட்டியலும் கேட்காது. நமது அறைக்கு மணல் 15 கன அடி தேவை. கியூப் கணக்கில் வாங்கினால் நூறு கன அடி வந்து இறங்கி, மிச்சம் மழையில் கரைந்துபோகும். மூடையாக வாங்குவது விலை கூடுதல் போலத் தெரிந்தாலும் மொத்தத்தில் மலிவு. பதினைந்து மணல் மூடை, நான்கு சீமெந்து மூடை, பதின்மூன்று டைல் பெட்டி, பசை, கொமட், கதவு. உடைத்த தரையும் பூச்சும் சாக்கில் கட்டினால் பதினேழு மூடைக்குக் குறையாமல் வெளியே போகவேண்டும். போக வர எல்லாம் சேர்த்து அறுபது சுமை என்று வையுங்கள். ஒரு சுமைக்கு 150 ரூபா என்றால் 9,000, லொறிக்கு 8,000. உடைத்த கழிவைக் கானில் கொட்டுவது வழக்கமாக நடக்கிறது. அடுத்த மழையில் அந்தக் கான் யாருடைய வீட்டுச் சுவரில் போய் நிற்கும் என்பதை முதலிலேயே பார்த்தோம்.

இருபத்தொரு நாளும் எப்படிப் போகிறது?

முதல் நாள் உடைப்பு. இரண்டாம் நாள் குழாய், இரவு சோதனை. மூன்றாம் நாள் சுவர்ப் பூச்சு, நான்காம் நாள் சரிவோடு தரை. ஐந்திலிருந்து எட்டுவரை யாரும் வேலை செய்யாத நாட்கள். சீமெந்து நீர் தெளித்து இறுகவேண்டும், குளிரில் அது மெதுவாகத்தான் நடக்கும். ஒன்பதாம், பத்தாம் நாட்களில் நீர்க்காப்பு, அரைநாள் வேலை வீதம். பதினொன்றும் பன்னிரண்டும் காய்தல். கையால் தொட்டால் ஒட்டாது என்பதோடு, நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழாதிருக்கவேண்டும். பதின்மூன்றாம் நாள் நீர்ச் சோதனை. பதினான்கிலிருந்து பதினாறுவரை சுவர் டைல், பதினேழில் தரை. பதினெட்டில் யாரும் தரையை மிதிக்கக்கூடாது. பத்தொன்பதில் குரவுட், இருபதில் பொருத்துக்கள், இருபத்தொன்றில் சிலிக்கன் காய்தல்.

இதில் மேசன் சம்பளம் வாங்குவது பதினொரு நாள்தான். மிச்சம் காத்திருப்பு. மேசன் "ஒரு கிழமை" என்று சொல்லும்போது கழித்துவிடுவது இந்தக் காத்திருப்பைத்தான். அவர் தொடர்ச்சியாக வேலை செய்தால் ஈரத்தரைமேல் நீர்க்காப்பு, ஈரப்படைமேல் டைல் என்று போய்விடும். ஆகவே பேசும்போதே "இடையில் நான்கு நாள், பிறகு மூன்று நாள் நீங்கள் வேறு வேலைக்குப் போகலாம், அதற்குப் பிறகு நிச்சயம் வரவேண்டும்" என்று சொல்லிவிடுங்கள். போனவர் திரும்பி வராமல் போவது மலையகத்தில் புதிதல்ல. அதனால் கூலியை நான்காம் நாள், பதின்மூன்றாம் நாள், பதினேழாம் நாள் என்று பிரித்துக் கொடுத்து, கடைசிப் பங்கை வேலை முடிந்து ஒரு கிழமை பாவித்தபிறகு கொடுப்பதாகப் பேசிக்கொள்ளுங்கள்.

காலமும் பார்க்கவேண்டும். மே மாதத்திலிருந்து செப்டெம்பர்வரை தென்மேல் பருவமழையில் ஹட்டன் பக்கம் எதுவும் காயாது, ஒரு கிழமை கூடலாம். ஜனவரியிலிருந்து மார்ச்வரை வெயில் கிடைக்கும். நுவரெலியாவில் அந்த மாதங்களின் இரவுகளில் உறைபனி விழுவதும் உண்டு என்பதால், பூசிய இரவில் ஜன்னலைச் சாக்கால் மூடிவிடுவது நல்லது.

கழிவறை இல்லாத நாட்களை எப்படிக் குறைப்பது? தரை இறுகிய ஆறாம் நாளிலிருந்து எட்டாம் நாள்வரை, புதிய கொமட்டை நிரந்தரமாகப் பூட்டாமல் குழாயின்மேல் இருத்தி, வாளி நீர் ஊற்றிப் பாவிக்கலாம். ஒன்பதாம் நாள் காலையில் கழுவி எடுத்துவிடவேண்டும். மூன்று நாள் இப்படி மிச்சமாகும். மிகுதிப் பதினேழு, பதினெட்டு நாளுக்குப் பக்கத்து வீட்டாரிடம் முன்கூட்டியே பேசவேண்டும். அவர்கள் வீட்டில் எத்தனை பேர், காலையில் பிரட்டுக்கு முன் யார் யார் போகவேண்டும் என்பதை அறிந்து நேரம் ஒதுக்கிக்கொள்ளாவிட்டால், மூன்றாம் நாளே முகம் கோணும். பெண்பிள்ளைகள் குளிக்க வீட்டின் பின்னால் கம்பு நட்டு, தார்ப்பாய் மறைத்து, கீழே இரண்டு பலகை போட்டு ஓர் இடம் செய்யுங்கள். ஆண்கள் பீலிக்குப் போய்விடுவார்கள், பெண்களுக்கு இருட்டியபின் பீலிக்கரை பாதுகாப்பான இடமல்ல. வீட்டில் சாதாரணதரப் பரீட்சை எழுதும் பிள்ளையோ பிறந்த குழந்தையோ இருந்தால் வேலையைத் தள்ளிவைப்பதே மேல்.

இந்த நாட்களுக்கும் விலை உண்டு. மறைப்புக்கு 6,000 ரூபா. மேசன் நிற்கும் பதினொரு நாளும் வீட்டில் ஒருவர் இருக்கவேண்டும். அவர் கொழுந்து பறிப்பவர் என்றால் பதினொரு பேர் போகும். 2024இல் நிர்ணயித்த 1,350 ரூபா அடிப்படைச் சம்பளத்தில் அது 14,850.

மொத்தம்

மேசனுக்கு நாளுக்கு 4,500, கையாளுக்கு 3,000, இருவருக்கும் பதினொரு நாள். பிளம்பருக்கு 5,000 வீதம் இரண்டு நாள். ஆக கூலி 92,500. சீமெந்தும் மணலும் 14,000. இவற்றோடு மேலே சொன்ன நீர்க்காப்பு, டைல், பசை, குழாய், பொருத்துக்கள், கதவு, ஏற்றிறக்கு எல்லாம் சேர்ந்தால் 279,950, சுருக்கமாக 280,000 ரூபா. பழைய சுவரை உடைத்தபின் என்ன தெரியவரும் என்று யாருக்கும் தெரியாது, அதற்குப் பதினைந்து வீதம், 42,000. கழிவறை இல்லாத நாட்களின் செலவு 20,850. எல்லாம் கூட்டினால் 343,000 ரூபாவுக்குச் சற்றுக் குறைவு. 1,350 ரூபாவால் வகுத்தால் 254 நாள் உழைப்பு. உங்கள் நாட்சம்பளம் கூடியிருந்தால் அதைப் போட்டு வகுத்துப் பாருங்கள்.

இவ்வளவு காசு கையில் இல்லாதவர் என்ன செய்யலாம்? அடகுக்கும் நுண்கடனுக்கும் போகுமுன் வேலையை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். டைலை முழுதாக விட்டுவிட்டு, நீர்க்காப்பின்மேல் ஓர் அங்குலக் காப்புப் பூச்சு, அதன்மேல் வழுவழுப்பான சீமெந்து முடிப்பு, சுவருக்குப் பெயின்ட் என்று நிறுத்தலாம். கூடுதல் பூச்சுக்கு இரண்டு நாட்கூலியும் ஒன்றிரண்டு மூடை சீமெந்தும் போனாலும், 87,950 ரூபாவில் பெரும்பகுதி மிஞ்சும், வேலையும் இரண்டு மூன்று நாள் முந்தி முடியும். கொமட்டுக்குப் பதில் குந்தும் பேன் வைத்தால் இன்னும் குறையும். ஆனால் பேன் தரைக்குள் புதைவதால் அதை நீர்க்காப்புக்கு முன்பே பதித்து, விளிம்பைச் சுற்றி வலைநாடா ஒட்டவேண்டும். கதவைப் பழையதன் அடிப்பலகையை அறுத்து அலுமினியத் தகடு அடித்து இன்னும் இரண்டு வருடம் ஓட்டலாம். குழாய், சரிவு, நீர்க்காப்பு ஆகிய மூன்றையும் முதல் கட்டத்திலேயே முடித்துவிட்டால், தீபாவளி முற்பணமோ வேறு காசோ கையில் வரும் வருடத்தில் டைலை எதையும் உடைக்காமல் அந்தச் சீமெந்து முடிப்பின்மேல் பதிக்கலாம். அதற்கு ஒரு நிபந்தனை: வடிகால் மூடியையும் கதவடியையும் முதலிலேயே டைலின் தடிப்புக்கு இடம்விட்டு வைக்கவேண்டும். மேசனிடம் இதை முதல்நாள் சொல்லாவிட்டால் நான்காம் நாள் தரை போட்டபிறகு சொல்லிப் பயனில்லை.